கடைசிப் பத்தாயிரம்: இரு விளம்பர வழிகளுக்குப் பணத்தைப் பிரிக்கும் கணக்கு

விளம்பரத்துக்குச் செலவான தொகையை, அதனால் வந்த புதிய வாடிக்கையாளர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது சராசரிச் செலவு. கடைசியாகச் சேர்த்த தொகையை மட்டும் எடுத்து, அந்தத் தொகையால் கூடுதலாக வந்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது இறுதிநிலைச் செலவு. ஒரே வழியில் விளம்பரம் செய்யும் நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரிவதில்லை. இரண்டு வழிகளுக்கிடையே ஒரு தொகையைப் பிரிக்க வேண்டிய நாளில் எல்லாம் இதைப் பொறுத்ததாகிவிடுகிறது. எந்த வழிக்கு எவ்வளவு என்பதைத் தீர்மானிப்பது இறுதிநிலைச் செலவு. ஆனால் பெரும்பாலான விளம்பர அறிக்கைகள் முதலில் காட்டுவது சராசரிச் செலவை.

இந்தக் கணக்கின் வேர் விளம்பரத்தில் இல்லை, வேளாண்மையில் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பிரான்சின் டுர்கோ, நிலத்தில் உழைப்பைக் கூட்டக் கூட்ட விளைச்சல் எப்படி மாறுகிறது என்று எழுதினார். உழாத நிலத்தில் விதைத்தால் கிடைப்பது கொஞ்சம். ஒரு சால் உழுதால் விளைச்சல் கூடும், மேலும் உழுதால் இன்னும் வேகமாகக் கூடும். ஒரு கட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு கூடுதல் உழைப்பும் முந்தையதைவிடக் குறைவாகவே தரும். பொருளியல் பாடநூல்கள் இதையே குறைந்து செல் விளைவு விதி என்கின்றன. 1854இல் ஜெர்மானியரான கோசென் இதன் மறுபக்கத்தைச் சொன்னார்: ஒரு தொகையைப் பல தேவைகளுக்குப் பங்கிடும்போது, ஒவ்வொன்றிலும் செலவாகும் கடைசிக் காசு சமமான பயனைத் தரும்படி பிரித்தால்தான் மொத்தப் பயன் உச்சத்தைத் தொடும். சம இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்று பள்ளியில் படித்தது இதுதான். விளம்பரப் பட்ஜெட்டைப் பிரிப்பது இந்த விதியின் நேரடிப் பயன்பாடு.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஒரு நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அது செக்கு எண்ணெயை இணையவழியில் விற்கிறது. வாரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் விளம்பரத்துக்கு ஒதுக்குகிறது. ஒரு வழி தேடல் விளம்பரம்: ‘மரச்செக்கு கடலை எண்ணெய்’ என்று ஒருவர் தேடும்போது முடிவுகளுக்கு மேலே தோன்றுவது. மற்றது சமூக ஊடகக் காணொளி விளம்பரம்: வேறு எதையோ பார்த்துக்கொண்டிருப்பவரின் கைப்பேசித் திரையில் இடையே வருவது. பத்தாயிரம் பத்தாயிரமாகப் பணத்தைக் கூட்டும்போது, ஒவ்வொரு பத்தாயிரமும் கூடுதலாகக் கொண்டுவரும் புதிய வாடிக்கையாளர்களைக் கீழே காணலாம்.

| எத்தனையாவது பத்தாயிரம் | தேடல் | காணொளி |
|---|---|---|
| 1 | 60 | 35 |
| 2 | 50 | 33 |
| 3 | 40 | 30 |
| 4 | 30 | 27 |
| 5 | 22 | 24 |
| 6 | 16 | 20 |
| 7 | 12 | 16 |

தேடல் வலுவாகத் தொடங்கி விரைவில் இளைத்துப் போகிறது. காணொளி சுமாராகத் தொடங்கி மெதுவாகத்தான் தளர்கிறது.

நிறுவனம் இப்போது தேடலுக்கு 60,000 ரூபாயும் காணொளிக்கு 40,000 ரூபாயும் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். தேடலில் 218 பேர், காணொளியில் 125 பேர், மொத்தம் 343 பேர் வருகிறார்கள். தேடலில் ஒருவருக்கான சராசரிச் செலவு 275 ரூபாய், காணொளியில் 320 ரூபாய். இதைப் பார்ப்பவர், தேடல்தான் மலிவு, பணத்தை அங்கே கூட்டுவோம் என்று முடிவெடுப்பது இயல்பு.

அப்படியே பத்தாயிரத்தைத் தேடலுக்கு மாற்றினால் தேடல் 70,000, காணொளி 30,000 ஆகிறது. தேடலில் 12 பேர் கூடுகிறார்கள், காணொளியில் 27 பேர் குறைகிறார்கள். மொத்தம் 328. இப்போது தேடலின் சராசரி 304 ரூபாய், காணொளியின் சராசரி 306 ரூபாய். இரண்டும் ஏறத்தாழ ஒன்றாகிவிட்டன. அறிக்கையைப் பார்ப்பவருக்குப் பங்கீடு சரியாக அமைந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் வாரத்துக்கு 15 வாடிக்கையாளர்கள் கைநழுவிப் போய்விட்டார்கள்.

எதிர்த்திசையில் பார்ப்போம். 60,000-40,000 என்ற நிலையில் தேடலின் கடைசிப் பத்தாயிரம் 16 பேரைத்தான் கொண்டுவந்தது. அவர்கள் ஒவ்வொருவருக்கும் ஆன செலவு 625 ரூபாய். அதே பத்தாயிரத்தைக் காணொளிக்குக் கொடுத்தால் 24 பேர் வருவார்கள். ஒருவருக்கு 417 ரூபாய். ஆகவே பணம் தேடலிலிருந்து காணொளிக்குப் போக வேண்டும். ஐம்பதுக்கு ஐம்பது என்றானதும் மொத்தம் 351. இன்னொரு பத்தாயிரத்தை மாற்றினால் 22 பேரை இழந்து 20 பேரைப் பெற நேரும். எனவே அங்கே நின்றுவிட வேண்டும். அந்த இடத்தில் இறுதிநிலைச் செலவுகள் 455 ரூபாயும் 417 ரூபாயுமாக நெருங்கிவிட்டன. சராசரிச் செலவுகளோ 248, 336 என்று விலகி நிற்கின்றன. மிகச் சிறந்த பங்கீட்டில்கூடச் சராசரிகள் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. அவற்றைச் சமமாக்க முயல்வதே தவறு.

இந்தத் தவறு தானியங்கி ஏல முறைகளிலும் நுழைந்துவிடும். கூகுள் விளம்பரத்தில் ‘டார்கெட் சி.பி.ஏ.’ என்று நிர்ணயிக்கும் தொகை சராசரிக்கான இலக்கு. இரு வழிகளுக்கும் 300 ரூபாய் என்று ஒரே இலக்கை வைத்தால், அமைப்பு இரண்டின் சராசரிகளையும் 300ஐ நோக்கித் தள்ளும். மேலே கண்ட 328 பேரின் நிலைக்குக் கிட்டத்தட்ட அது கொண்டுபோய் விடும்.

விளைவு ஏன் குறைகிறது

இரண்டு வழிகளிலும் விளைவு குறைந்தாலும் காரணங்கள் வெவ்வேறு.

தேடலில் முதல் எல்லை, தேடுவோரின் எண்ணிக்கை. ஒரு வாரத்தில் கடலை எண்ணெய் வாங்கும் எண்ணத்தோடு தேடுபவர்கள் இத்தனை பேர்தான். பணத்தைக் கூட்டினால் அவர்கள் பெருகிவிட மாட்டார்கள். எனவே கூடுதல் பணம் இரண்டில் ஒரு பக்கம் போகிறது. ஒன்று, ‘சமையல் எண்ணெய்’, ‘கொழுப்பு குறைய என்ன சாப்பிடலாம்’ என்பது போல வாங்கும் எண்ணம் குறைந்த தேடல்களுக்குப் பரவுகிறது. கிளிக் கிடைக்கும், ஆர்டர் கிடைக்காது. இல்லையென்றால், அதே தேடல்களில் இன்னும் மேலான இடத்தைப் பிடிக்க ஏலத்தொகையை உயர்த்துகிறது.

ஏலத்தொகையை உயர்த்துவதில் பலர் கவனிக்காத ஒரு செலவு இருக்கிறது. ஒரு கிளிக்குக்குச் சராசரியாக 10 ரூபாய் வீதம் வாரத்தில் 500 கிளிக் வருகிறது, செலவு 5,000 ரூபாய் என்று கொள்வோம். ஏலத்தொகையை உயர்த்தியதும் கிளிக் 600 ஆகிறது, சராசரி விலை 12 ரூபாய் ஆகிறது. அறிக்கையில் இது இரண்டு ரூபாய் ஏற்றமாகத்தான் தெரியும். மொத்தச் செலவோ 7,200 ரூபாய். கூடுதலாக வந்த 100 கிளிக்குக்குக் கூடுதலாகக் கொடுத்தது 2,200 ரூபாய். அதாவது புதிய கிளிக் ஒவ்வொன்றின் விலை 22 ரூபாய். ஏற்கெனவே 10 ரூபாய்க்கு வந்துகொண்டிருந்த 500 கிளிக்குக்கும் இப்போது இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதால் வருவது இந்த வேறுபாடு. கூகுளின் தலைமைப் பொருளியலாளராக இருந்த ஹால் வேரியன், ஏலத்தொகையைத் தீர்மானிக்கும்போது பார்க்க வேண்டியது இந்தக் கூடுதல் கிளிக்கின் விலையைத்தான் என்று விளம்பரதாரர்களுக்கு விளக்கியிருக்கிறார்.

சமூக ஊடகத்தில் நடப்பது வேறு. அங்கே யாரும் எண்ணெயைத் தேடி வருவதில்லை. யாருக்கு விளம்பரத்தைக் காட்டினால் வாங்குவார்கள் என்று தளமே கணிக்கிறது. முதலில் வாங்கும் வாய்ப்பு அதிகமாக உள்ளவர்களுக்குக் காட்டுகிறது. பணம் கூடும்போது வாய்ப்புக் குறைந்தவர்களிடம் போகிறது, அல்லது பார்த்தவர்களுக்கே திரும்பத் திரும்பக் காட்டுகிறது. ஒருவர் சராசரியாக எத்தனை முறை விளம்பரத்தைப் பார்த்தார் என்ற எண் அறிக்கையில் இருக்கும். புதியவர்களைச் சென்றடையும் எண்ணிக்கை நின்றுபோய், அந்த எண் மட்டும் வாரத்துக்கு வாரம் ஏறினால், அந்த வட்டம் நிரம்பிவிட்டது என்று பொருள். புதிய காணொளி எடுத்தாலோ பார்வையாளர் வட்டத்தை விரித்தாலோ விளைவின் வளைகோடு சற்றே நிமிரும். பிறகு மீண்டும் தளரும்.

விதி பொருந்தாத தொடக்கப் பகுதி

டுர்கோ கண்ட முதல் பகுதியை மறந்துவிடக் கூடாது. விளைவு குறையத் தொடங்கும் முன் அது கூடுகிற ஒரு சிறு கட்டம் இருக்கலாம். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களில் இது நன்றாகத் தெரியும். யார் வாங்குவார்கள் என்று தளம் கற்றுக்கொள்ள ஒரு விளம்பரத் தொகுப்புக்கு வாரத்தில் சுமார் 50 ஆர்டர்கள் தேவை என்பது இவற்றை நடத்தும் நிறுவனத்தின் வழிகாட்டுதல். வாரத்துக்கு 2,000 ரூபாயை மூன்று தொகுப்புகளாகப் பிரித்துப் போட்டால் ஒன்றுகூட அந்த அளவை எட்டாது. செலவு உயர்ந்தே நிற்கும். இந்தக் கட்டத்தில் கடைசிக் காசைச் சமமாக்கும் விதி தப்பான வழிகாட்டி. சிறு தொகையை இரண்டாகப் பிரிப்பதைவிட ஒரே வழியில் குவிப்பது நல்லது. சிறிய பட்ஜெட்டில் ஒரு வழியைச் சோதித்துவிட்டு, ‘இது பலன் தரவில்லை’ என்று கைவிடுவதற்கு முன், அந்தத் தொகை இந்தத் தொடக்கக் கட்டத்தையாவது தாண்டியதா என்று பார்க்க வேண்டும்.

தாண்டிய பிறகு குறைந்து செல் விளைவே பொதுநிலை. ஜூலியன் சைமன், யோஹான் ஆர்ண்ட் இருவரும் 1980இல், விளம்பரச் செலவுக்கும் விளைவுக்கும் உள்ள உறவைப் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து இதே முடிவுக்கு வந்தார்கள்.

இறுதிநிலைச் செலவை அளப்பது எப்படி

அட்டவணையில் உள்ளது போன்ற எண்கள் எந்த நிறுவனத்துக்கும் முன்கூட்டியே கிடைப்பதில்லை. பணத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும்தான் அவற்றை அறிய முடியும். ஒரு நேரத்தில் ஒரு வழியை மட்டும் மாற்ற வேண்டும். செலவில் ஏற்பட்ட வேறுபாட்டை வாடிக்கையாளர் எண்ணிக்கையில் ஏற்பட்ட வேறுபாட்டால் வகுக்க வேண்டும். தீபாவளிக்கு முந்தைய வாரத்தைச் சாதாரண வாரத்தோடு ஒப்பிட்டால் பண்டிகையின் விற்பனை விளம்பரத்தின் கணக்கில் ஏறிவிடும். அதனால் ஒத்த வாரங்களையே ஒப்பிட வேண்டும்.

இதில் பெரிய இடையூறு தற்செயல் ஏற்றத்தாழ்வு. எதையும் மாற்றாமல் விட்டாலும் வாராந்தர எண்ணிக்கை ஏறி இறங்கும். இப்படிப்பட்ட எண்ணிக்கைகளில் அந்த ஆட்டத்தின் அளவு, எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி இருக்கும் என்பது புள்ளியியலில் ஒரு எளிய கணிப்பு. தேடலை 50,000இலிருந்து 60,000ஆக உயர்த்தினால் 202 பேர் 218 ஆக வேண்டும்; வேறுபாடு 16. இரு வாரங்களையும் ஒப்பிடும்போது தற்செயலாக நேரக்கூடிய ஆட்டமோ 202ஐயும் 218ஐயும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் வருவது, அதாவது சுமார் 20. அறிய வேண்டிய 16 அந்த 20க்குள் மூழ்கிப் போகிறது. அந்த வாரத்தில் எண்ணிக்கை குறைந்திருந்தால்கூட வியப்பில்லை. ஒரே வாரத்தைப் பார்த்துவிட்டு ‘கூட்டியது வீண்’ என்றோ ‘கூட்டியது நல்லது’ என்றோ சொல்வது இரண்டுமே ஆதாரமில்லாதவை.

அடியைப் பெரிதாக வைப்பதும் நாளைக் கூட்டுவதும் இதற்குத் தீர்வு. தேடலை நான்கு வாரம் 40,000 ரூபாயிலும் அடுத்த நான்கு வாரம் 70,000 ரூபாயிலும் வைத்தால் வேறுபாடு வாரத்துக்கு 50 வீதம் 200 பேர். தற்செயல் ஆட்டம் சுமார் 40. இப்போது உண்மை தெளிவாகத் தெரியும். கூடுதலான 30,000 ரூபாய் 50 பேரைத் தந்தது, ஆகவே அந்தப் பகுதியில் இறுதிநிலைச் செலவு சராசரியாக 600 ரூபாய். வளைகோட்டின் நுணுக்கமான வளைவு இதில் தெரியாது. ஆனால் காணொளியிலும் இதே சோதனையைச் செய்தால், எந்தத் திசையில் பணத்தை நகர்த்துவது என்று முடிவெடுக்க அது போதும்.

வந்தவர் யாரால் வந்தார்

இன்னொரு பிழை எண்ணிக்கையிலேயே ஒளிந்திருக்கிறது. தளங்களின் அறிக்கை காட்டுவது விளம்பரத்தைத் தொட்டு வந்தவர்களை. கணக்குக்கு வேண்டியது விளம்பரம் இல்லாவிட்டால் வந்திருக்காதவர்கள் மட்டும். இவ்விரண்டும் எவ்வளவு விலகக்கூடும் என்பதை ஈபே நிறுவனத்தின் சோதனை காட்டியது. 2012இல் அமெரிக்காவில், ‘ஈபே’ என்ற பெயரோடு தேடுபவர்களுக்கு யாகூ, எம்.எஸ்.என். தேடல்களில் காட்டி வந்த விளம்பரத்தை அந்நிறுவனம் நிறுத்தியது, கூகுளில் தொடர்ந்தது. நிறுத்தியதால் இழந்த கிளிக்குகளில் 99.5 விழுக்காடு, விளம்பரமற்ற சாதாரணத் தேடல் முடிவுகள் வழியாகவே வந்து சேர்ந்துவிட்டன. தாமஸ் பிளேக், கிறிஸ் நாஸ்கோ, ஸ்டீவன் டடெலிஸ் மூவரின் இந்த ஆய்வு 2015இல் ‘எகனாமெட்ரிகா’ இதழில் வெளியானது.

இதை எண்ணெய் நிறுவனத்தின் அட்டவணையில் பொருத்திப் பார்க்கலாம். தேடலின் முதல் பத்தாயிரம் கொண்டுவந்த 60 பேரும் நிறுவனத்தின் பெயரையே தட்டித் தேடியவர்கள் என்றும், அவர்களில் 45 பேர் விளம்பரம் இல்லாமலும் வந்திருப்பார்கள் என்றும் கொள்வோம். அப்படியானால் அந்தப் பத்தாயிரம் உண்மையில் தந்தது 15 பேர். ஒருவருக்கு 667 ரூபாய். அட்டவணையில் மிக மலிவாகத் தெரிந்த வரி, ஐம்பதுக்கு ஐம்பது பங்கீட்டில் மிக விலையுயர்ந்த வரியாகிறது. பெயர்த் தேடல் விளம்பரத்தை நிறுத்தி, அந்தப் பணத்தைக் காணொளியின் ஆறாவது பத்தாயிரமாகப் போட்டால் 20 பேர் கிடைப்பார்கள். தளங்களின் அறிக்கையில் மொத்தம் 351இலிருந்து 311 ஆகச் சரியும். நிறுவனத்தின் ஆர்டர் புத்தகத்தில் 351 என்பது 356 ஆக ஏறும். அறிக்கையை மட்டும் பார்ப்பவர் பதறிப்போய் மாற்றத்தைத் திரும்பப் பெற்றுவிடுவார்.

ஈபே போல எல்லோருக்கும் தெரிந்த பெயர் அல்லாத நிறுவனத்துக்கு இந்த விகிதம் வேறாக இருக்கும். அதன் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டியாளர் தம் விளம்பரத்தைக் காட்டிக்கொண்டிருந்தால் இழப்பு அதிகமாகலாம். அதனால் 45 என்ற எண்ணை அனுமானிக்கக் கூடாது, சோதித்து அறிய வேண்டும். சில மாவட்டங்களில் மட்டும் விளம்பரத்தை நிறுத்தி, அவற்றைப் போன்ற மற்ற மாவட்டங்களில் தொடர்ந்து, இரண்டிலும் வந்த மொத்த ஆர்டர்களை ஒப்பிடுவது நம்பத்தக்க முறை. விளம்பரத் தளம் தரும் எண்ணுக்குப் பதில் சொந்த ஆர்டர் புத்தகத்தின் எண்ணைப் பயன்படுத்துவதால், காணொளியைப் பார்த்துவிட்டு மறுநாள் தேடி வாங்கியவரை இரு தளங்களும் தத்தம் கணக்கில் எழுதிக்கொள்ளும் இரட்டைப் பதிவும் இதில் நேராது. இரு தளங்களும் சொல்லும் எண்ணிக்கையின் கூட்டுத்தொகை, புத்தகத்தில் உள்ள புதிய வாடிக்கையாளர்களைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த இரட்டைப் பதிவு நடக்கிறது என்பது உறுதி.

எங்கே நிறுத்துவது

இதுவரை பார்த்தது ஒரு லட்சத்தைப் பிரிக்கும் கேள்வி. ஒரு லட்சம் செலவிடலாமா என்ற கேள்விக்கும் இறுதிநிலைச் செலவே விடை தருகிறது. வித்து, ஆட்டுக்கூலி, பாட்டில், கூரியர் எல்லாம் போக, ஒரு புதிய வாடிக்கையாளர் ஓராண்டில் திரும்பத் திரும்ப வாங்குவதையும் சேர்த்து நிறுவனத்துக்கு 400 ரூபாய் மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் கண்ட அட்டவணையின்படி ஐம்பதுக்கு ஐம்பது பங்கீட்டில் மொத்தச் சராசரிச் செலவு 285 ரூபாய். ஆளுக்கு 115 ரூபாய் லாபம் என்பதால் இன்னும் செலவிடலாம் போலத் தோன்றும்.

ஆனால் இரு வழிகளின் ஐந்தாவது பத்தாயிரங்களையும் தனியே எடுத்துப் பார்த்தால் 20,000 ரூபாய்க்கு 46 பேர் வந்திருக்கிறார்கள். அவர்களால் மிஞ்சுவது 18,400 ரூபாய். வாரத்துக்கு 1,600 ரூபாய் நட்டம். நான்காவது பத்தாயிரத்தில் தேடலின் இறுதிநிலைச் செலவு 333 ரூபாய், காணொளியில் 370 ரூபாய். இரண்டும் 400க்குக் கீழே. எனவே இந்த நிறுவனம் வாரத்துக்கு 80,000 ரூபாயோடு நிறுத்த வேண்டும். பண்டிகைக்கு முன் தேவை பெருகி, அதே பத்தாயிரம் அதிகம் பேரைக் கொண்டுவரும் வாரங்களில் இந்த எல்லை மேலே நகரும். தேவை தணிந்ததும் கீழே வரும். போட்டியாளர் ஒருவர் ஏலத்தில் புதிதாக நுழைந்தாலும் அது மாறும். ஆகவே ஒருமுறை அளந்த எண்ணை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ள முடியாது.

பங்கீட்டைத் தீர்மானிக்கக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இந்த வழியில் போட்ட கடைசிப் பத்தாயிரம், வேறெப்படியும் வந்திருக்காத எத்தனை பேரைக் கொண்டுவந்தது? இரண்டு வழிகளிலும் விடை ஏறத்தாழ ஒன்றாகி, அவர்களால் மிஞ்சும் தொகை அந்தப் பத்தாயிரத்தை ஈடுகட்டும் வரை செலவு சரியான இடத்தில் இருக்கிறது.